மெஸ் பில்லில் நாளுக்கு 110 ரூபாய் எப்படி வந்தது?

"விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்களின் பெற்றோர் / பாதுகாவலர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், ஆகஸ்ட் 2025 மாதத்திற்கான உணவுக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ. 110 எனவும், எஸ்டாப்ளிஷ்மெண்ட் கட்டணம் ரூ. 700 எனவும் நிர்ணயம் செய்யப்பட்டுள்ளபடியால், அத்தொகையினை உரிய காலத்திற்குள் தவறாது செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும் பட்சத்தில் நாளொன்றுக்கு ரூ. 10 அபராதம் வசூலிக்கப்படுவதுடன், மெஸ் அனுமதியும் ரத்து செய்யப்படும்."

மத்தியத் தமிழகத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்கள் விடுதி பெற்றோருக்கு அனுப்பிய நோட்டீஸ் இது. கல்லூரி, வேலைத்தளம், குடியிருப்பு என்று எங்கே போனாலும் இந்த நடை நமக்குப் பழகிப்போனதுதான். 'யாதெனில்' வந்தால் பணம் கேட்கிறார்கள், 'தவறும் பட்சத்தில்' வந்தால் மிரட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்கிறோம். ஆனால் இந்த நோட்டீஸின் குறை நடையில் இல்லை. 'யாதெனில்' என்பதை எடுத்துவிட்டு எளிய தமிழில் எழுதினாலும், எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற இரண்டும் இதில் கிடைக்காது. நாள் விலை இருக்கிறது, மொத்தம் இல்லை. 'உரிய காலம்' இருக்கிறது, தேதி இல்லை.

விளைவு, நோட்டீஸ் போன மறுநாள் காலையிலிருந்து விடுதி அலுவலகத்துக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கும். பொன்னமராவதியிலிருந்து பேசிய ஒரு தகப்பனார், கணக்கு எழுதும் கிளார்க்கிடம் கேட்டது இப்படி: "சார், பையன் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு கட்டணும்ங்கிறான். நீங்க அனுப்புனதுல நூத்திப்பத்துன்னும் எழுநூறுன்னும்தான் இருக்கு. அவன் சொல்றது சரிதானா, இல்ல கூடச் சொல்றானா?" கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டி, "சரிதாங்க, அதுதான் தொகை" என்றார். மறுமுனையில் கொஞ்சம் நிம்மதி. மகன்மீது சந்தேகம் வரும்படி செய்தது அந்த நோட்டீஸ்தான். மொத்தத் தொகையை நோட்டீஸ் சொல்லாவிட்டால், அதைச் சொல்லும் ஒரே ஆள் மகனாகிவிடுகிறான்.

அந்த விடுதியின் டெபுடி வார்டன் நோட்டீஸை மாற்றி எழுத முடிவு செய்தபோது நானும் கூட இருந்து பார்த்தேன். எழுதுவதற்கு முன்னால் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கீழே வரும் எண்கள் எல்லாம் படிப்பவர்கள் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கும்படி முழு எண்களாக்கப்பட்டவை. கணக்கு போடும் முறை, தமிழ்நாட்டில் பல கல்லூரி விடுதிகளில் நடக்கிற அதே முறைதான்.

அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் சாப்பாட்டுக்குக் காசில்லை. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கான்ட்ராக்டர் நடத்தும் மெஸ் என்றால் மாதம் இவ்வளவு என்று முன்பே பேசிவிடுவார்கள், அங்கேயும் விளக்க அதிகமில்லை. சிக்கல் வருவது 'டிவைடிங் சிஸ்டம்' என்று மாணவர்கள் சொல்லும் முறையில்தான். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலையில் பங்கு போடுவது. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துத் திருச்செந்தூர் போய்வந்து, டீசலையும் டிரைவர் படியையும் பிரித்துக்கொள்வது மாதிரி. யாருக்கும் லாபம் இல்லை, ஆனால் பங்கு எவ்வளவு என்பது பயணம் முடிந்த பிறகுதான் தெரியும்.

இந்த விடுதியில் 240 மாணவர்கள். ஆகஸ்ட் 1 காலையில் ஸ்டோர் ரூமில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் கணக்கெடுத்தபோது மதிப்பு 1,12,000 ரூபாய். மாதம் முழுக்க வாங்கிய மளிகை, காய்கறி, பால், முட்டை, கோழி, கேஸ் எல்லாம் சேர்த்து 7,46,000. ஆகஸ்ட் 31 இரவு சமையல் முடிந்தபின் ஸ்டோரில் மிச்சம் இருந்தது 98,000 ரூபாய்க்கான சாமான். ஆரம்பத்தில் இருந்ததோடு வாங்கியதைச் சேர்த்து, மிச்சத்தைக் கழித்தால், உண்மையில் சமைத்துத் தீர்ந்தது 7,60,000 ரூபாய்க்கு. இதில் விருந்தினர் சாப்பாட்டுக்கும் ஆம்லெட் போன்ற எக்ஸ்ட்ராக்களுக்கும் டோக்கன் விற்று வந்த 12,000 ரூபாயைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அதற்கான பணம் தனியாக வந்துவிட்டது. மீதி 7,48,000. பங்கு போட வேண்டிய தொகை இதுதான்.

இனி எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். 240 பேர் 31 நாள் சாப்பிட்டால் 7,440 சாப்பாட்டு நாட்கள். ஆனால் ஊருக்குப் போனவர்களுக்கு 'மெஸ் ரிடக்ஷன்' உண்டு. அந்த மாதம் ரிடக்ஷன் கிடைத்த நாட்கள் மொத்தம் 640. கழித்தால் 6,800. செலவை இதனால் வகுத்தால் நாளுக்கு 110 ரூபாய். அந்த எண் பிறந்த கதை இவ்வளவுதான்.

700 ரூபாய் வேறு கணக்கு. சமையல்காரர், உதவியாளர், பாத்திரம் கழுவுபவர், ஸ்டோர் கீப்பர் ஆகியோரின் சம்பளமும், மெஸ்ஸுக்கான மின்கட்டணமும் சேர்ந்து மாதம் 1,68,000 ஆகிறது. இதை நாள்களால் வகுக்காமல் 240 பேருக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனாலும் சமையல்காரருக்குப் பத்து நாள் சம்பளத்தைக் குறைக்க முடியாது அல்லவா? அதனால் இந்தத் தொகைக்கு ரிடக்ஷன் கிடையாது. சில விடுதிகளில் சம்பளத்தையும் சாப்பாட்டுச் செலவோடு சேர்த்தே நாள்களால் வகுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் தீபாவளி, பொங்கல் மாதங்களில் ஊருக்குப் போகாமல் இருப்பவன் தலையில் எல்லோருடைய சமையல் கூலியும் ஏறும். நாள் விலை திடீரென்று எகிறும். பிரித்து வைப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

கணக்கில் பெற்றோர் அதிகம் சண்டை போடுவது இந்த ரிடக்ஷனில்தான். விதி எளிதாகத்தான் தெரியும்: தொடர்ந்து 3 முழு நாள் மெஸ்ஸில் சாப்பிடாமல் இருக்க வேண்டும்; 2 நாள் முன்னதாக மெஸ் அலுவலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. 14ஆம் தேதி மாலை வகுப்பு முடிந்து பஸ் ஏறியவன், 18 காலை வகுப்புக்கு நேராக வந்திருந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் முழு நாள். ரிடக்ஷன் உண்டு, 330 ரூபாய் மிச்சம். அதே பையன் ஞாயிறு மாலை பஸ் சீக்கிரம் வந்துவிட்டதென்று எட்டு மணிக்கு மெஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டால் ஞாயிறு போயிற்று. மிஞ்சுவது இரண்டு நாள். விதிப்படி மூன்று இல்லாததால் ஒரு நாளுக்கும் ரிடக்ஷன் இல்லை. அந்த இரண்டு தோசையின் விலை 330 ரூபாய்.

பெற்றோருக்கு இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது, "பையன் மூணு நாளும் வீட்டுலதான் இருந்தான், நானே பஸ் ஏத்தி விட்டேன்" என்பதுதான். அதுவும் உண்மை. இன்னொரு குழப்பம், வாசலில் வாங்கும் அவுட்பாஸ். ஊருக்குப் போகும் மாணவன் வார்டனிடம் அவுட்பாஸ் வாங்கி, வாட்ச்மேனிடம் கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவான். அதுவே போதும் என்று நினைத்து மெஸ் சீட்டைக் கொடுக்காமல் விட்டுவிடுவான். கேட் ரிஜிஸ்டர் வேறு, மெஸ் ரிஜிஸ்டர் வேறு. முன்னது அவன் எங்கே இருக்கிறான் என்பதற்கு. பின்னது அவனுக்கு அரிசி போடலாமா வேண்டாமா என்பதற்கு.

முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதிக்குக் காரணமும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ஒருவனுக்குக் கழிக்கும் 110 ரூபாயைக் கல்லூரி தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. வகுக்கும் எண் குறைகிறது, மற்றவர்களுடைய நாள் விலை கூடுகிறது. 190 பேர் ஊருக்குப் போவது முன்பே தெரிந்தால் 50 பேருக்கு மட்டும் அரிசி போடலாம், செலவும் குறையும். சொல்லாமல் போனால் 240 பேருக்கும் உலை வைத்தாகிவிட்டது. அப்போதும் ரிடக்ஷன் கொடுத்தால், ஊருக்குப் போனவனின் சோற்றுக்கு விடுதியிலேயே இருந்தவன் காசு கொடுக்கிறான். இதைச் சொல்லிவிட்டால் விதி நியாயமாகப் படுகிறது. சொல்லாவிட்டால் அலுவலகத்தின் பிடிவாதமாகப் படுகிறது.

நோட்டீஸை எழுத உட்கார்ந்தபோது முதலில் எடுத்த முடிவு, எல்லோருக்கும் ஒரே தாள் அனுப்பக்கூடாது என்பது. நாள் விலையும் எஸ்டாப்ளிஷ்மெண்ட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். மாறுவது சாப்பிட்ட நாள்களும் எக்ஸ்ட்ராவும் மட்டும். அவை இரண்டும் கிளார்க்கின் கணினியில் மாணவர் பெயருக்கு நேராக ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் பெயர், ரோல் நம்பர், தொகை மூன்றும் அச்சாகி வரும்படி 240 தாள் எடுப்பது ஒரு மதிய வேலைதான். ஃபோன் எடுத்துப் பதில் சொல்லும் நேரத்தை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

இரண்டாவது, தேதி. பழைய நோட்டீஸ் 'உரிய காலம்' என்று எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு: எந்தத் தேதியைப் போடுவதென்று அவர்களுக்கே தீர்மானமில்லை. கணக்கு எப்போது முடிகிறது என்று பார்த்தால் தேதி தானாக விழுந்துவிடும். ஆகஸ்ட் 31 இரவு ஸ்டாக் எடுக்கிறார்கள். பால்காரர், காய்கறிக் கடைக்காரர் பில்கள் செப்டம்பர் 3, 4இல் வரும். ரிடக்ஷன் சீட்டுகளைச் சரிபார்த்து, மாணவர் மெஸ் கமிட்டி கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட 6ஆம் தேதி ஆகிவிடும். 8ஆம் தேதி நோட்டீஸ் போகும். மாதச் சம்பளக்காரர் கையில் அப்போது பணம் இருக்கும். தினக்கூலிக்காரருக்கும் விவசாயிக்கும் இரண்டு வாரமாவது வேண்டும். மறுபுறம் கடைக்காரர்களுக்கு 25ஆம் தேதிக்குள் பணம் கொடுத்தால்தான் அடுத்த மாதம் கடனுக்குச் சாமான் போடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவது 20ஆம் தேதி. அந்த மாதம் அது சனிக்கிழமை. பணம் கட்டுவதில் சிக்கல் வந்தால் கேட்க அலுவலகம் திறந்திருக்க வேண்டும் என்பதால் 22, திங்கள் என்று வைத்தார்கள். கிழமையும் சேர்த்தே எழுத வேண்டும். தேதி மறந்தாலும் கிழமை நினைவில் நிற்கும்.

மூன்றாவது, சேரும்போது வாங்கிய மெஸ் அட்வான்ஸ் 4,000 ரூபாய். பெற்றோரில் பாதிப் பேர் அதிலிருந்து மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். சில கல்லூரிகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே அது விடுதியை விட்டுப் போகும் வரை அப்படியே இருக்கும். ஒரே ஒரு வரி இதைத் தீர்த்துவிடும், ஆனால் அந்த வரி பழைய நோட்டீஸில் இல்லை.

முதல் வரைவை விடுதி வாட்ச்மேனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் டெபுடி வார்டன். அவருடைய மகள் இன்னொரு ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறாள், ஆகவே அவரும் இதே மாதிரி நோட்டீஸ் வாங்குகிறவர்தான். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "சார், எல்லாம் புரியுது. இந்த எழுநூறு யாருக்குப் போகுது?" என்றார். வரைவில் 'எஸ்டாப்ளிஷ்மெண்ட் கட்டணம்' என்றுதான் இருந்தது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் தினமும் காதில் விழுவதால் அது விளக்கம் போலவே தோன்றிவிட்டது. அதைச் 'சமையல் பணியாளர் சம்பளமும் மின்கட்டணமும்' என்று மாற்றினார்கள். அடுத்து அவர் கேட்டது: "ஊருக்குப் போனாலும் எழுநூறும் கட்டணுமா?" அதற்கும் ஒரு வாக்கியம் சேர்ந்தது.

கடைசியில் வந்த நோட்டீஸ் இது:

"அன்புள்ள பெற்றோருக்கு,

உங்கள் மகனின் ஆகஸ்ட் மாத மெஸ் பில் ரூ. 3,945. இதை செப்டம்பர் 22, திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும்.

கணக்கு: அவர் ஆகஸ்டில் 28 நாள் மெஸ்ஸில் சாப்பிட்டார் (31 நாளில், ஊருக்குப் போன 15, 16, 17 ஆகிய 3 நாள் கழிக்கப்பட்டுள்ளது). நாளுக்கு ரூ. 110 வீதம் ரூ. 3,080. சமையல் பணியாளர் சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றில் அவருடைய பங்கு ரூ. 700. டோக்கனில் கணக்கு வைத்து வாங்கிய 11 ஆம்லெட்டுக்கு, தலா ரூ. 15 வீதம், ரூ. 165.

நாள் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. மாதத்தில் ஆன சாப்பாட்டுச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுத்தால் வருவது. இதில் விடுதிக்கு லாபம் இல்லை. ஜூலையில் ரூ. 104 ஆக இருந்தது ஆகஸ்டில் ரூ. 110 ஆகியிருக்கிறது. இதில் ரூ. 3 முதலாண்டு மாணவர் வரவேற்பு விருந்துக்கு ஆன செலவு. மீதி காய்கறி விலை ஏற்றம்.

ஊருக்குப் போகும்போது தொடர்ந்து 3 முழு நாள் மெஸ்ஸில் சாப்பிடாமல் இருந்து, 2 நாள் முன்னதாக மெஸ் அலுவலகத்தில் சீட்டு கொடுத்திருந்தால் மட்டுமே அந்த நாள்கள் கழிக்கப்படும். வாசலில் கொடுக்கும் அவுட்பாஸ் இதற்குப் போதாது. எத்தனை நாள் ஊரில் இருந்தாலும் ரூ. 700 குறையாது.

சேரும்போது நீங்கள் கட்டிய அட்வான்ஸ் ரூ. 4,000 எங்களிடம் இருக்கிறது. அது இந்த பில்லில் கழியாது. உங்கள் மகன் விடுதியை விட்டுப் போகும்போது கணக்கு முடிக்கப்படும்.

பணத்தைக் கல்லூரியின் ஆன்லைன் கட்டணப் பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். 'ஹாஸ்டல் மெஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள ரோல் நம்பரைப் போடவும். விடுதி ஊழியர் யாருடைய சொந்த எண்ணுக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

22ஆம் தேதிக்குப் பிறகு நாளுக்கு ரூ. 10 அபராதம் சேரும். அந்தத் தேதிக்குள் கட்ட முடியாத சூழ்நிலை இருந்தால், அதற்கு முன்பே டெபுடி வார்டனிடம் பேசுங்கள். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் 15ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறோம்."

பழையதைவிட இது நீளம். அலுவலகத்தில் முதலில் வந்த எதிர்ப்பும் அதுதான்: "இவ்வளவு எழுதினா யாரு படிப்பா?" ஆனால் படிக்க விருப்பமில்லாதவர் முதல் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தொகையும் தேதியும் அங்கேயே முடிந்துவிட்டன. மீதி, ஏன் இவ்வளவு என்று கேட்பவருக்கு. அபராதம் கடைசிக்குப் போனது தற்செயல் அல்ல. அதை முதல் பத்தியில் வைத்தால், ஒழுங்காகக் கட்டுகிற 200 பேரும் திட்டு வாங்கிய மாதிரி உணர்கிறார்கள். இழுத்தடிக்கிற சிலருக்கோ அது எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

ஜூலை விலையையும் ஆகஸ்ட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடாது என்று ஒரு வாதம் எழுந்தது. கூடியிருக்கிறது என்று நாமே எடுத்துக் காட்டுவானேன் என்று. பெற்றோர் போன மாத பில்லை எடுத்துவைத்துப் பார்க்கத்தான் போகிறார்கள். நாம் சொல்லும்போது காரணமும் சேர்ந்து போகிறது. அந்தக் காரணம் கணக்கிலிருந்து வர வேண்டும், பொத்தாம்பொதுவாக 'விலைவாசி உயர்வு' என்று எழுதக்கூடாது. வரவேற்பு விருந்துக்கு 20,400 ரூபாய் ஆனது. அதை 6,800ஆல் வகுத்தால் நாளுக்கு 3 ரூபாய். இப்படி எண்ணோடு வரும் காரணத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. விருந்தே தேவையா என்று வேண்டுமானால் கேட்பார்கள். கேட்கட்டும், அது கமிட்டியில் பேச வேண்டிய விஷயம்.

மளிகை, பால், கேஸ் என்று ஒவ்வொரு செலவையும் நோட்டீஸில் போட வேண்டியதில்லை. அது மெஸ் வாசல் போர்டில் ஒட்டப்படும், மாணவர் கமிட்டியிடமும் ஒரு பிரதி இருக்கும். இந்தக் கணக்கு எந்த இடத்தில் பிசகும் என்று கேட்டால், பெரும்பாலும் மாதக் கடைசியில்தான். 28ஆம் தேதி 25 கிலோ அரிசி மூட்டை 40 வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 1,350 வீதம் 54,000 ரூபாய். வாங்கிய கணக்கில் அது ஏறிவிடும். ஆனால் 31ஆம் தேதி ஸ்டாக் எடுக்கும்போது அந்த மூட்டைகள் வேறொரு அறையில் அடுக்கி இருந்ததால் எண்ண விட்டுப்போனால், ஒரு பருக்கைகூட வேகாத அரிசிக்கு இந்த மாத மாணவர்கள் காசு கொடுக்கிறார்கள். நாள் விலை ஏறக்குறைய 8 ரூபாய் கூடி 118 ஆகும். முழு மாதம் சாப்பிட்டவனுக்கு கிட்டத்தட்ட 246 ரூபாய் அதிகம்.

யாரும் திருடவில்லை. அடுத்த மாதம் அந்த அரிசி இலவசமாக வந்தது போல் தெரியும், விலை இறங்கும். வருஷம் முழுக்க இருக்கிறவனுக்கு ஒன்றில் போனது மற்றதில் வந்துவிடும். நடுவில் விடுதியை விட்டுப் போகிறவனுக்குத்தான் நஷ்டம். இதைக் கண்டுபிடிக்க கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. நாள் விலை ஒரு மாதம் ஏறி, காரணமே இல்லாமல் மறுமாதம் அதே அளவு இறங்கினால் முதல் சந்தேகம் கடைசி நாள் ஸ்டாக்மீது விழ வேண்டும். மாதக் கடைசியில் வந்த பெரிய பில்களை எடுத்து, அந்தச் சாமான் மிச்சக் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே, போன மாதம் மிச்சம் என்று காட்டிய தொகையே இந்த மாத ஆரம்பத் தொகையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் ஒரு இரவில் சாமான் எங்கே போனது என்று கேட்க மெஸ் கமிட்டிக்கு உரிமை உண்டு.

புதிய நோட்டீஸுக்குப் பிறகு ஃபோன் நிற்கவில்லை. கேள்விகள் மாறின. 'எவ்வளவு கட்டணும்' என்று கேட்டவர்கள் இப்போது, "சீட்டு குடுத்தேன்னு பையன் சொல்றான், உங்ககிட்ட வந்துச்சா பாருங்க" என்கிறார்கள். இதற்கு ரிஜிஸ்டரைப் பார்த்து ஒரே நிமிடத்தில் பதில் சொல்லலாம். 15ஆம் தேதி என்று முன்கூட்டியே ஒரு கெடு வைத்ததன் பயன் இங்கேதான். திருத்தம் வேண்டியவை கட்டும் தேதிக்கு முன்பே வந்துவிடுவதால், தவறான தொகைக்கு யாரும் அபராதம் கட்ட நேர்வதில்லை.

ஒரு மாதத்துக்கு மட்டும் இந்த வடிவம் பொருந்தாது. இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரலில் தேர்வு முடிந்து கிளம்பும்போது பில்லை வசூலிப்பதற்குப் பதில், அட்வான்ஸில் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. 14 நாள் சாப்பிட்டவனுக்கு நாளுக்கு 110 என்றால் 1,540, பணியாளர் பங்கு 700, ஆக 2,240. நாலாயிரத்தில் அது போக 1,760 ரூபாய் அவர்களுக்கு வர வேண்டும். அந்த நோட்டீஸில் 'கட்ட வேண்டிய தொகை' என்ற இடத்தில் 'உங்களுக்கு வர வேண்டிய தொகை' என்று வரும். கடைசித் தேதியும் இருக்கும், ஆனால் அது பணத்துக்கு அல்ல, பெற்றோர் தங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் பாஸ்புக் முதல் பக்க நகலையும் அனுப்புவதற்கு. அதை அனுப்பாதவர்களின் அட்வான்ஸ் மீதி இன்னும் விடுதிக் கணக்கிலேயே கிடக்கிறது.